உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி

போட்டித் தேர்வுக்கான ஆங்கிலக் கையேடுகளில் பின்பகுதியில் நாலைந்து பக்கம் இருக்கும். 'அயல்மொழிச் சொற்களும் தொடர்களும்' என்று தலைப்பு. லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் கலந்து கட்டி, இடதுபக்கம் சொல், வலதுபக்கம் பொருள். அட் ஹாக், ஸைனே டை, பான் வாயேஜ் என்று வரிசையாகப் போகும். கோவில்பட்டியில் சாயங்கால வகுப்பு எடுக்கிற எனக்கு அந்தப் பக்கங்கள் ஒரு மணி நேர வேலை. மனப்பாடம் செய்துவிட்டால் ஒரு மதிப்பெண், மிஞ்சினால் இரண்டு.

அந்தப் பட்டியலில் இரண்டு சொற்களில் மட்டும் வகுப்பு எப்போதும் நின்றுவிடும். ஒன்று, தேஜா வூ: 'ஏற்கெனவே பார்த்த உணர்வு'. இன்னொன்று, ஷாடன்ஃப்ராய்ட: 'பிறர் துன்பத்தில் காணும் இன்பம்'. முதலாவதைச் சொன்னவுடன் எல்லோரும் "எனக்கும் வந்திருக்கு சார்" என்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் ஒருத்தருக்கும் வந்ததில்லை. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டாள்: "அது ராட்சசக் குணம்ல சார்? அதுக்குப் போய் எதுக்கு ஒரு வார்த்த வச்சிருக்காங்க?"

இதையே ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார் கிட்டத்தட்ட நூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார். ரிச்சர்ட் ட்ரெஞ்ச் என்று பெயர். சொற்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் இந்த ஜெர்மன் சொல்லை எடுத்துவைத்து, பிறர் கேட்டில் வருகிற மகிழ்ச்சிக்கு ஒரு மொழி பெயர் வைத்திருப்பது எவ்வளவு பயங்கரம் என்று நடுங்குகிறார். சொல் இருக்கிறது என்றால் அந்தப் பண்டம் அந்த மக்களிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி உருவாவதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ட்ரெஞ்சும் ஒருவர். அந்த அகராதியில் ஷாடன்ஃப்ராய்ட ஆங்கிலத்தில் புழங்கியதற்கான முதல் சான்றாக 1852ஆம் ஆண்டு என்று போட்டு ட்ரெஞ்சின் இந்த வரியைத்தான் காட்டுகிறார்கள். இப்படி ஒரு சொல் இருக்கலாமா என்று கேட்டவர் வழியாகவே அது உள்ளே வந்துவிட்டது.

விளாத்திகுளத்துப் பெண்ணின் கேள்வி இரண்டாகப் பிரியும். அந்தக் குணம் ராட்சசர்களுடையதுதானா என்பது ஒன்று. ராட்சசக் குணம் என்று தோன்றும்படி அதை விளக்கிவிட்டோமா என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். 'பிறர் துன்பத்தில் காணும் இன்பம்' என்று கேட்டால் யார் ஞாபகம் வரும்? சினிமாவில் வில்லன் சிரிப்பானே, அவன்தான். ஆனால் அந்தச் சொல்லில் வில்லன் கிடையாது. வில்லன் அடிக்கிறவன். ஷாடன்ஃப்ராய்ட உள்ளவன் விரலைக்கூட அசைப்பதில்லை. பத்திரிகைகளில் இதைக் 'குரூர மகிழ்ச்சி' என்று மொழிபெயர்ப்பதும் இந்தக் குழப்பத்தில்தான். குரூரத்துக்கு ஒரு கை வேண்டும். இதற்கு இரண்டு கண் போதும்.

இந்த இடத்தில் இடைசெவலைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கோவில்பட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கி.ராஜநாராயணன் 1982இல் கரிசலின் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதி கொண்டுவந்தார். கல்லூரிப் பக்கம் மாணவராகப் போகாத மனிதர். பின்னால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். ஒரு சொல்லை வெளியிலிருந்தும் உள்ளேயிருந்தும் பார்க்கிற வசதி அப்படிப்பட்டவர்களுக்கு உண்டு. சொல்லை அது பிறந்த வாயோடும் வேலையோடும் சேர்த்துப் பிடிக்கிற பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது அவர் எழுத்திலிருந்துதான். 'பொழி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிக்காரன் 'நில எல்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கரிசல்காட்டில் பொழி என்றால் வருஷா வருஷம் உழும்போது ஒரு சால் தள்ளி உழுதானா இல்லையா என்று இரண்டு குடும்பம் குனிந்து பார்க்கிற இடம். இதைச் சொல்லாமல் அந்தச் சொல்லை வெளியூர்க்காரருக்குக் கொடுத்தால் வெறும் கோட்டைக் கொடுத்த மாதிரி. யார், எப்போது, யாரைப் பார்த்து இதைச் சொல்லுவார்கள் என்று சொல்லவேண்டும். எதற்கு இதைச் சொல்லமாட்டார்கள் என்றும் சொல்லவேண்டும்.

இந்த இரண்டாவது பாதி எவ்வளவு அவசியம் என்பதற்கு தேஜா வூ நல்ல உதாரணம். பிரெஞ்சில் 'தேஜா' என்றால் ஏற்கெனவே, 'வூ' என்றால் பார்த்தது. எமில் புவாராக் என்ற பிரெஞ்சுக்காரர் 1876இல் ஒரு தத்துவப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இந்த உணர்வுக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குப் பேருந்தில் வருகிறீர்கள். ஜன்னலில் கறுப்புக் காடு, ஓர் உடைமரம், மறுபடி கறுப்புக் காடு, ஒரு தீப்பெட்டி ஆபீஸ், மறுபடி கறுப்புக் காடு. 'இதை இப்பத்தானே பாத்தோம்' என்று தோன்றும். அது தேஜா வூ இல்லை. உண்மையிலேயே அதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்து 'எங்கயோ பாத்த மொகமா இருக்கே' என்று மண்டையைக் குடைந்துகொள்வதும் அது இல்லை. அங்கே ஞாபகம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எட்டயபுரத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வந்த ஒருவர் ஒரு தெருமுனையில் திரும்பும்போது அந்தச் சுவர், அந்த வெயில், எதிரே வருகிற சைக்கிள் எல்லாம் அச்சாக முன்பே நடந்தது போலத் தோன்றி, அதே நொடியில் 'ஆனா நான் இங்க வந்ததே இல்லையே' என்றும் தெரிந்தால், அது தேஜா வூ. பார்த்த உணர்வும் பார்த்ததில்லை என்ற அறிவும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கவேண்டும். கையேட்டில் இந்த இரண்டாவது பாதிதான் விழுந்துவிடுகிறது.

நம் ஊரில் அந்த இரண்டாவது பாதியைச் சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. 'போன ஜென்மத்துத் தொடர்பு' என்போம். அழகான பதில்தான். ஆனால் அது விளக்கமாகாது, தீர்ப்பாகிவிடும். 'வந்ததில்லையே' என்ற திகைப்பைத் தீர்த்துவிட்டால் மிஞ்சுவது நம்பிக்கை; தேஜா வூ கரைந்துபோகும். ஆங்கிலப் பத்திரிகைகள் வேறு திசையில் கரைத்துவிட்டன. இரண்டாவது வருஷமும் மழை பொய்த்தால் 'விவசாயிகளுக்கு தேஜா வூ' என்று தலைப்பு வரும். அதில் திகைப்பே இல்லை; வந்ததே வந்திருக்கிறது. இந்தப் பொருளையும் ஆங்கில அகராதிகள் இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டதால் தவறு என்று அடித்துவிட முடியாது. வகுப்பில் இரண்டையும் சொல்லி, எது மூலம், எது தேய்ந்த காசு என்றும் சொல்லிவிடுகிறேன்.

தேஜா வூவைப் பற்றிப் பேசுவதில் யாருக்கும் வெட்கமில்லை. ஷாடன்ஃப்ராய்ட அப்படி இல்லை. அதை விளக்க எனக்கு ஒரு காடு தேவைப்பட்டது.

புரட்டாசி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானாவாரிக் கரிசல். இரண்டு பங்காளிகள், நடுவில் ஒரு பொழி. ஒருவர் மேலக்காட்டுக்காரர், இன்னொருவர் கீழக்காட்டுக்காரர். மேலக்காட்டுக்காரர் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் மக்காச்சோளம் போட்டுவிடுகிறார். இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். முட்டாள்தனம் கிடையாது, கணக்கு இருக்கிறது. கரிசலில் மழை விழுந்துவிட்டால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், டிராக்டர் இறங்காது. பதம் வருவதற்குள் நாள் ஓடிவிடும். முன்னாலேயே விதைத்து வைத்தால் முதல் மழையின் ஈரம் முழுவதும் பயிருக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலாவது போடவேண்டும். அப்போதுதான் சும்மா ஒரு தூறலுக்கு முளைக்காமல், மண் நன்றாக நனையும்வரை உள்ளேயே காத்திருக்கும். மேலாக்கப் போட்டால் ஒரு சின்ன மழையை நம்பி வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் வானம் வெளுத்துக் கிடந்தால் அவ்வளவுதான்.

மேலக்காட்டில் அதுதான் நடந்தது. மேலாக்க விழுந்த விதை, ஒரு ராத்திரித் தூறல், பச்சையாக வரிசை பிடித்து நின்ற பயிர், பிறகு வெயில். கீழக்காட்டுக்காரர் இன்னும் விதைக்கவில்லை. காலையில் காட்டுப்பக்கம் வருகிறார். பொழியில் நின்று கருகிய வரிசைகளைப் பார்க்கிறார். உள்ளே ஏதோ ஒன்று லேசாகச் சந்தோஷப்படுகிறது. அது என்ன?

ஒருவேளை, இந்த வருஷம் சோளம் குறைந்தால் விலை ஏறும் என்று நினைத்தாரா? அப்படியானால் அது ஆதாயக் கணக்கு. பக்கத்துக் காட்டுக்குப் பதிலாக பீகாரில் கருகியிருந்தாலும் அதே சந்தோஷம் வந்திருக்கும். பங்காளியின் முகம் அதில் இல்லை. 'நல்லவேளை, நான் அவசரப்படல' என்று நினைத்தாரா? அது நிம்மதி. விபத்தைத் தாண்டிப் போகிறவர் தன் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி. பங்காளி போன வருஷம் பொழியில் இரண்டு சால் தள்ளி உழுதவர், இவர் அதற்காகப் பஞ்சாயத்துக்கு அலைந்தவர் என்றால்? 'சாமி பாத்துருச்சு' என்று தோன்றியிருக்கும். அது நியாயம் நடந்துவிட்டது என்கிற திருப்தி. சரியோ தவறோ, அதற்கும் வேறு பெயர்.

இப்போது இந்த மூன்றையும் கழித்துவிடுங்கள். விலை ஏறப்போவதில்லை. தன் பிழைப்புக்கு ஆபத்து எதுவும் இருந்ததில்லை. பங்காளி இவருக்கு ஒரு துரோகமும் செய்ததில்லை. போன வருஷம் இவரைவிட நாலு மூட்டை அதிகம் எடுத்தார், அதை டீக்கடையில் இரண்டு முறை சொன்னார், அவ்வளவுதான். கழித்த பிறகும் ஒரு துளிச் சந்தோஷம் மீதி இருக்கிறதா? அந்த மீதிதான் ஷாடன்ஃப்ராய்ட. ஜெர்மனில் 'ஷாடன்' என்றால் சேதம், 'ஃப்ராய்ட' என்றால் மகிழ்ச்சி. சேதமும் மகிழ்ச்சியும் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் காரணம் எதுவும் இல்லை.

இதில் கவனிக்கவேண்டியது, கீழக்காட்டுக்காரர் சிரிக்கமாட்டார். சாயங்காலம் பங்காளி வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து 'என்ன செய்ய, வானம் நம்ம கையிலயா இருக்கு' என்று உச்சுக்கொட்டுவார். அந்த வருத்தமும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும். ஆங்கிலத்தில் வெளிப்படையாக எக்காளமிடுவதற்கு வேறு வினைச்சொல் உண்டு. இது வெளியே வராத சங்கதி.

காட்டை இப்படிச் சொல்லி முடித்தபிறகு கேட்டால் வகுப்பில் கைகள் தூக்கப்படாது. ஆனால் யாரும் ராட்சசன் என்று சொல்வதும் இல்லை. தலையைக் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று கேட்பார்கள். ஒற்றைச் சொல் தேடினால் 'இடர்மகிழ்வு' என்று ஒன்றைச் செய்துவிடலாம். ஆனால் செய்த சொல் யார் வாயிலும் ஏறாது. ஆங்கிலத்திலேயே அந்தக் கதை நடந்திருக்கிறது. ஜெர்மன் சொல் வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், 1721இல் வந்த நேதன் பெய்லியின் அகராதியில் இதே பொருளுக்கு கிரேக்கத்திலிருந்து எடுத்த ஒரு சொல் இருக்கிறது. எப்பிகாரிககி. அகராதியைத் தவிர வேறெங்கும் அது நடமாடவில்லை. ஆளில்லாத பேருந்து நிறுத்தம் மாதிரி நின்றது.

நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லையே தவிர, பேச்சு இருக்கிறது. எல்லாம் வயிற்றில் இருக்கிறது. அடுத்தவன் வளர்ந்தால் வயிற்றெரிச்சல். அவன் விழுந்தால் 'இப்பத்தான் என் வயிறு குளுந்துச்சு'. எரிவதும் குளிர்வதும் ஒரே அடுப்பு. பொறாமைக்கும் இந்தச் சந்தோஷத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அரிஸ்டாட்டிலும் இதைத்தான் சொல்கிறார். அடுத்தவர் நன்மையில் வேதனைப்படுகிறவரும் அடுத்தவர் கேட்டில் மகிழ்கிறவரும் ஒரே ஆள்தான் என்று 'சொற்கலை' நூலில் எழுதியிருக்கிறார். ஜெர்மன் சொல்லில் இந்த உறவு தெரியாது. அதில் குளிர்ச்சி மட்டும் இருக்கிறது. முன்னால் எரிந்தது இல்லை.

ஆனால் நம் வயிற்றில் ஒரு கள்ளமும் இருக்கிறது. வயிறு எரிகிறது என்பதைத் தமிழில் இரண்டு பேர் சொல்லலாம். பக்கத்து வீட்டில் மாடி எழும்புவதைப் பார்த்துப் பொருமுகிறவர் ஒருவர். பிள்ளையை இழந்தவள், சொத்தை ஏமாந்தவள், 'என் வயித்தெரிச்சல் அவன சும்மா விடாது' என்று மண்ணை வாரித் தூற்றுகிறாளே, அவளும்தான். ஒன்று பொறாமை, மற்றொன்று அநீதி பட்டவளின் துயரம். இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் குளிர்ச்சிக்கும் ஒரே சொல். பொறாமைக்காரன் வயிறு குளிர்ந்தது என்று சொல்லும்போது, அநீதி பட்டவளின் சேலைத் தலைப்பில் மறைந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

'நல்லா வேணும்' என்பதிலும் இதேதான். இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு இல்லை என்று நண்பர் ஒருவர் வாதாடுவார். நான் ஒத்துக்கொள்வதில்லை. நல்லா வேணும் என்பது உணர்ச்சி இல்லை, தீர்ப்பு. 'அவனுக்கு இது தகும்' என்கிறது. அதைச் சொன்னவுடன் நாம் பொழியில் நிற்கிற பார்வையாளர் என்பதிலிருந்து நீதிபதியாகிவிடுகிறோம். ஆட்டம் என்ன ஆடுனான், டீக்கடையில் என்ன பேச்சுப் பேசினான் என்று குற்றப்பத்திரிகை தானாக எழுதப்பட்டுவிடும். சந்தோஷம் முதலில் வருகிறது. அவன் செய்த குற்றத்தைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்கிறோம். அரிஸ்டாட்டில் தகாதவனுக்கு வந்த வாழ்வைக் கண்டு வருந்துவதைத் தனியாக வைத்து அதற்கு 'நெமெசிஸ்' என்று மதிப்பான பெயர் கொடுத்தார். கேட்டில் மகிழ்வதை, பெயரிலேயே கெட்டது என்று தெரிகிற சங்கதிகளின் பட்டியலில் போட்டார். நாம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் புழங்குகிறோம்.

இதற்கு இன்னொரு சாட்சி காட்டிலேயே நிற்கிறது. விளைந்த காட்டில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கம்பில் மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கொள்ளிக்கண் பட்டுவிடாமல் இருக்க. அடுத்தவருக்கு வயிறு எரியும், அடுத்தவருக்கு வயிறு குளிரும் என்பதில் கரிசல்காட்டுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. அதற்காகச் செலவு செய்து பானை வாங்கியிருக்கிறது. ஆனால் தன் கண் அடுத்த காட்டைப் பார்க்காமல் இருக்க யாரும் ஒரு பானை மாட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே ஜெர்மன் சொல்லுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணம் சொல்லாமல், தீர்ப்புச் சொல்லாமல், 'எனக்கு அப்படி இருந்தது' என்று ஒத்துக்கொள்ள அது இடம் தருகிறது. ஷோபன்ஹவர் பொறாமை மனிதத்தனம், இது பேய்த்தனம் என்று பிரித்தார். எனக்கு அந்தப் பிரிப்பு ஒப்பவில்லை. எங்கள் வயிறு சொல்கிறபடி இரண்டும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. ஒன்றை மனிதர் பக்கமும் மற்றதைப் பேய் பக்கமும் தள்ளினால், பேய் பக்கம் போனதை யாரும் தன்னுடையது என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்தச் சொல் கையுறையாகவும் ஆகிவிடும். படித்த நண்பர்கள் சிலர், 'அவன் படம் ஊத்திக்கிச்சு, லைட்டா ஷாடன்ஃப்ராய்ட' என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். அதையே 'அவன் ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு எடுத்தது வீணாப்போச்சு, எனக்குச் சந்தோஷமா இருக்கு' என்று தமிழில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அயல்மொழியில் சொன்னால் ஒரு குறை, ரசனையாக மாறிவிடுகிறது. காபியில் கசப்பு விரும்புகிற மாதிரி. நான் வகுப்பில் இதற்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். அயல்மொழிச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் வீட்டுத் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிப்பாருங்கள், தன்மையில். 'அவர் பயிர் கருகினப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு.' 'அவன்', 'அவர்கள்' என்று ஆரம்பித்தால் சோதனை செல்லாது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை இளைய தலைமுறைக்குக் கொண்டுபோனதில் ஒரு கார்ட்டூனுக்கும் பங்கு உண்டு. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 1991இல் வந்த ஒரு பாகம். பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸ் இடதுகைக்காரர்களுக்கென்று ஒரு கடை திறக்கிறார். ஹோமருக்கு அது படுத்துவிட வேண்டும் என்று ஆசை. படுக்கிறது. ஹோமர் முகம் மலர்கிறது. மகள் லிசாதான் அப்பாவுக்கு அந்த ஜெர்மன் சொல்லை விளக்குகிறாள். ஃபிளாண்டர்ஸ் ஒரு துரோகமும் செய்யாத நல்ல மனிதர் என்பதுதான் அந்தக் கதையின் உயிர். கெட்ட பக்கத்து வீட்டுக்காரராக இருந்திருந்தால் சொல்லே விளங்கியிருக்காது. எங்கள் மேலக்காட்டுக்காரரை நான் நல்லவராக வைத்ததும் அதனால்தான்.

இதையெல்லாம் ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபது வருஷம் கரிசலில் உழுதவர். ஜெர்மன் சொல்லை இரண்டுதரம் உச்சரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, ஒனக்கு ஒரு சங்கதி தெரியுமா? தெரியாதவன் பயிரு கருகினா எனக்கு ஒண்ணும் தோணாது. பாவம்னுட்டுப் போயிருவேன். பங்காளி பயிருதான் அப்படிப் பண்ணும்."

அது உண்மைதான். பொழி நடுவில் இருந்தால்தான் வயிறு வேலை செய்யும். ஆனால் என் மாணவர்கள் வாழ்கிற இன்னொரு காடு இருக்கிறது, அதில் பொழி கிடையாது. முன்பின் தெரியாத ஒருவன் மேடையில் பாட்டை மறந்து நிற்கிறான். முன்பின் தெரியாத ஒருத்தி பேட்டியில் உளறுகிறாள். அதை வெட்டி, இசை சேர்த்து, ராத்திரி பதினொரு மணிக்குச் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் மேல் இவர்களுக்கு எரிச்சல் எதுவும் இருந்ததில்லை. எரியாத வயிறு எப்படிக் குளிரும்? அநீதி எதுவும் நடக்காததால் 'நல்லா வேணும்' என்பதும் பொருந்தாது. இங்கே நம் இரண்டு பேச்சும் கைவிட்டுவிடுகின்றன. அதைக் 'கலாய்' என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் கலாய்ப்பது எதிரே இருக்கிற ஆளை. அவன் திருப்பிக் கலாய்ப்பான். இது அப்படி இல்லை. ட்ரெஞ்சை நடுங்கவைத்த ஜெர்மன் சொல் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது: ஒரு சேதம், ஒரு மகிழ்ச்சி, நடுவில் ஒன்றுமில்லை. இந்தப் பகுதிக்கு வரும்போது மட்டும் நான் தமிழ் தேடுவதை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் ஷாடன்ஃப்ராய்ட என்று எழுதி, அவர்களுடைய கைப்பேசியைக் காட்டுகிறேன்.